ஐம்பத்து மூன்றுக்குக் கை தூக்கியவர்கள்

இருபத்தொரு பேர் சேர்ந்து கை தூக்கி, ஓர் எண்ணை முக்கோணமாக்கினோம். அதில் ஒரு கை என்னுடையது. இப்போது அதே கையால்தான் இதை எழுதுகிறேன். அதற்கு வெட்கம் கிடையாது.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள். தூத்துக்குடியில் கடற்கரைப் பக்கமாக இருந்த ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நான் இரண்டாம் வருடம். கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தூரத்தில் நிற்கும்; தோணிகள் போய்ச் சரக்கை வாங்கி வரும். உப்புக் காற்று ஜன்னல் கீல்களைத் தின்றுகொண்டே இருக்கும். கீல் போன ஜன்னல் இரவு பகலாக அடித்துக்கொள்ளும். விடுதியில் அரிசி தட்டுப்பாடு, மத்தியானத்துக்குச் சோளக்களி. அந்தக் களியைத் தின்றுவிட்டு நாங்கள் தேசத்தின் வருங்காலத்தை உருவாக்கக் கற்றுக்கொண்டோம். சாக்குக்கட்டியை எந்த விரலில் பிடிப்பது, கேள்வி கேட்டபின் எத்தனை மூச்சு காத்திருப்பது, முதுகைப் பலகைக்குக் காட்டுவதா பையன்களுக்குக் காட்டுவதா. எல்லாம் சொல்லித் தந்தார்கள். யோசிப்பது மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை.

கணக்குக்கு ஒரு மாஸ்டர் இருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, நெற்றியில் கோடு போட்ட மாதிரி வகிடு. பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தானே முதல் ரசிகர். அவரிடம் அட்டை போட்ட நோட்ஸ் ஒன்று உண்டு. பதினோரு வருடமாக அதைத்தான் சொல்லச் சொல்ல எழுத வைத்தாராம். காற்புள்ளியைக்கூடச் சொல்லுவார். நாங்கள் காற்புள்ளியையும் எழுதுவோம்.

அந்த நோட்ஸில் ஒரு பக்கம் முக்கோண எண்கள். ஒன்று, அதன் கீழ் இரண்டு வைத்தால் மூன்று, அதன் கீழ் மூன்று வைத்தால் ஆறு, பிறகு பத்து, பதினைந்து, இருபத்தொன்று. வரிசைக்கு ஒன்று கூட்டிக்கொண்டே போனால் கிடைப்பவை. அழகான சமாசாரம். எண்களுக்கு உடம்பு உண்டு என்று எனக்கு முதன்முதலில் தெரிந்தது அங்கேதான். ஆனால் மாஸ்டருக்கு உடம்பு வேண்டாம், வால் போதும். அவர் சொல்லி நாங்கள் எழுதியது இது: ‘முக்கோண எண்கள் 0, 1, 3, 5, 6, 8 என்னும் இலக்கங்களில் மட்டுமே முடியும். ஆகவே, இவ்விலக்கங்களில் முடியும் எண் முக்கோண எண்ணாகும்.’

முதல் வாக்கியம் முழு உண்மை. குற்றம் முழுக்க அந்த ‘ஆகவே’யில் இருக்கிறது. கடலோர மணப்பாட்டுக்காரர்களுக்கு எல்லாம் கடல் தெரியும், ஆகவே கடல் தெரிந்தவன் எல்லாம் மணப்பாட்டுக்காரன் என்பது போல. பதினோரு வருடத்தில் எத்தனை பேர் அந்த ‘ஆகவே’யை அழகாக எழுதி அடிக்கோடிட்டிருப்பார்கள்! அவர்களெல்லாம் இந்நேரம் எந்தெந்த ஊரில் யார் யாருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறார்களோ.

மணப்பாட்டுக்காரர் என்றேன். எங்கள் வகுப்பில் உண்மையிலேயே ஒருவர் இருந்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். அதனால் எனக்கு அண்ணன். குடும்பம் முழுக்கக் கடல்காரர்கள். இவர் மட்டும் மாதா கோயில் பள்ளியில் பயிற்சி இல்லாத வாத்தியாராக ஏழு வருடம் பாடம் நடத்திவிட்டு, சான்றிதழ் வாங்க வந்தவர். அந்த வருடம் சான்றிதழோடு திரும்பாவிட்டால் அவருடைய இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார் என்று பள்ளி நிர்வாகம் எழுதியே கொடுத்துவிட்டது. முந்தைய வருடம் விமர்சனப் பாடத்தில் அவர் தவறியிருந்தார். இன்னொரு தடவை தவறினால் சான்றிதழ் கிடையாது, வகுப்பறையும் கிடையாது, மச்சானின் வலைதான்.

விமர்சனப் பாடம் என்ற சடங்கைச் சொல்லிவிட வேண்டும். பயிற்சியில் இருப்பவர் ஒருவர், மாதிரிப் பள்ளியிலிருந்து கூட்டிவந்த பிள்ளைகளுக்கு முக்கால் மணி நேரம் பாடம் நடத்துவார். பின்பெஞ்சுகளில் மற்றவர்கள் நோட்டும் பென்சிலுமாகக் குந்தியிருப்பார்கள். பாடம் முடிந்ததும் வரிசைப்படி ஒவ்வொருவரும் எழுந்து ஒரு குறை சொல்ல வேண்டும். குறை சொல்லாதவருக்கு விமர்சன நோட்டில் மதிப்பெண் இல்லை. நிறை சொன்னால்? நிறைக்கு நோட்டில் கட்டமே இல்லை. குறை கண்டுபிடிப்பதற்கு மதிப்பெண் போட்டு, வருடத்துக்கு இருபத்திரண்டு நல்லாசிரியர்களைத் தயாரித்துக் கொண்டிருந்தார்கள்.

அண்ணன் எடுத்துக்கொண்ட பாடம் முக்கோண எண்கள். நாலாம் பாரத்துப் பிள்ளைகள், இப்போதைய ஒன்பதாம் வகுப்பு. ஒரு நார்ப்பெட்டி நிறையப் புளியங்கொட்டை கொண்டுவந்திருந்தார். மாஸ்டர் பெட்டியைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்தார். “என்னவே, பாலர் வகுப்பு நடத்தப் போறீரா?” என்றார். பின்பெஞ்சு சிரித்தது. நாங்கள் சிரிப்பதற்கும் அவரிடம்தான் பயிற்சி எடுத்தோம்.

அண்ணன் சிரிக்கவில்லை. மேசையில் கொட்டையைப் படிக்கட்டு மாதிரி அடுக்கினார்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மொத்தம் பத்து. பக்கத்தில் இன்னொரு படிக்கட்டு: ஒன்று, இரண்டு, மூன்று. மொத்தம் ஆறு. பிள்ளைகள் மேசையைச் சுற்றி மொய்த்தார்கள்.

“இப்ப இந்தச் சின்னதைத் தலைகீழாத் திருப்பிப் பெரிசுக்குப் பக்கத்துல ஒட்டுதேன். ஒத்தைக் கொட்டை வரிசைக்கு எத்தனை போய்ச் சேருது?”

“மூணு சார்.”

“ரெட்டை வரிசைக்கு?”

“ரெண்டு!”

“மூணு கொட்டைக்கு ஒண்ணு. நாலுக்கு ஒண்ணும் வேண்டாம், அது நெறஞ்சவன். இப்ப வரிசைக்கு எத்தனை?”

“நாலு, நாலு, நாலு, நாலு!”

“அப்ப ஆறும் பத்தும் சேந்து நாலுநாலு பதினாறு. அடுத்தடுத்து வார ரெண்டு முக்கோணத்தைச் சேத்தா சதுரம். ஏன்னா, இவன்கிட்ட எங்க குறையுதோ அங்கனதான் அவன்கிட்ட இருக்கு.”

எந்த நோட்ஸிலும் இல்லாத வாக்கியம் அது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. சிலிர்த்த உடம்போடு என் நோட்டில் நான் எழுதியது: ‘பிள்ளைகள் இடம்விட்டு எழுந்தனர். ஒழுங்குக் குறைவு.’ அதற்கு முழு மதிப்பெண் உண்டு என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது சோதனை. ஒரு எண்ணைக் கொடுத்தால் அது முக்கோணமா இல்லையா என்று எப்படிச் சொல்வது? அண்ணன் சின்னதாக ஆரம்பித்தார். மூன்று கொட்டை முக்கோணம். அதேபோல் இன்னொன்றைக் கவிழ்த்துச் சேர்த்தால் இரண்டுக்கு மூன்று கட்டம், ஆறு கொட்டை. அந்த மாதிரி நாலு கட்டத்தை, ஒன்றின் தலை அடுத்ததின் இடுப்பில் இடிக்கிற மாதிரி, காற்றாடிபோலச் சுற்றி வைத்தார். நடுவில் ஒரே ஒரு கொட்டைக்கான ஓட்டை. அதில் ஒன்றை வைத்தார். ஐந்துக்கு ஐந்து சதுரம்.

“எத்தனை முக்கோணம் போட்டேன்?”

“எட்டு சார்!”

“நடுவுல?”

“ஒண்ணு!”

“அவ்வளவுதான். எந்த முக்கோண எண்ணையும் எட்டால பெருக்கி ஒண்ணு கூட்டினா சதுரம் வரும். திருப்பியும் பாக்கலாம். எட்டால பெருக்கி ஒண்ணு கூட்டினா எப்பவும் ஒத்தைப்படை எண்தான். அது சதுரமா இருந்தா அதோட வர்க்கமூலமும் ஒத்தைப்படை. மூலத்துல ஒண்ணைக் கழிச்சுப் பாதியாக்கு. எத்தனை வரிசை முக்கோணம்னு அதுவே சொல்லிரும். சதுரமா இல்லையா? அந்த எண்ணு முக்கோணம் இல்ல, ஆளை விடு.”

உதாரணத்துக்கு அவருக்குத் தெரிந்ததை எடுத்தார். பதினைந்து பத்து மணியும் முன்னால் மூன்றுமாக முழுச் செபமாலை. நூற்று ஐம்பத்து மூன்று மணி. எட்டால் பெருக்கினால் ஆயிரத்து இருநூற்று இருபத்து நான்கு. ஒன்று கூட்டினால் ஆயிரத்து இருநூற்று இருபத்தைந்து, முப்பத்தைந்தின் வர்க்கம். ஒன்று கழித்து முப்பத்து நான்கு, பாதி பதினேழு. பதினேழு வரிசை முக்கோணம். பிள்ளைகள் ஓவென்றார்கள்.

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. தன் ஆறு இலக்கங்களைப் பற்றி முக்கால் மணி நேரத்தில் ஒரு வார்த்தை இல்லை!

“நிப்பாட்டும்வே,” என்று எழுந்தார். “இத்தனை பெருக்கல் எதுக்கு? கடைசி இலக்கம் மூணு. முடிஞ்சுபோச்சு. நோட்ஸைப் படிக்கலியா?”

“படிச்சேன் சார்.”

“அப்போ நான் ஒண்ணு கேக்கேன். உங்க ஆளுங்க தெனமும் உருட்டுத சின்ன மாலையில எத்தனை மணி?”

“அம்பத்து மூணு சார்.”

“கடைசி இலக்கம்?”

“மூணு.”

“அப்போ முக்கோண எண். ஒரு நொடிவே! உமக்கு ஒரு பெட்டி கொட்டை வேண்டியிருக்கு.” பின்பெஞ்சைப் பார்த்தார். நாங்கள் சிரித்தோம்.

அண்ணன் சாக்குக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். “அது இல்ல சார்,” என்றார்.

“எது இல்ல?”

“அம்பத்து மூணு முக்கோணம் இல்ல. எட்டால பெருக்கி ஒண்ணு கூட்டினா நானூத்து இருபத்தஞ்சு. இருவதின் வர்க்கம் நானூறு, இருவத்தொண்ணுக்கு நானூத்து நாப்பத்தொண்ணு. நடுவுல தொங்குது சார்.”

ஜன்னல் அடித்துக்கொண்டது. மாஸ்டரின் முகம் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறுகியது. அவர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். ஒன்பது வரை கூட்டினால் நாற்பத்தைந்து, பத்தைச் சேர்த்தால் ஐம்பத்தைந்து, விரலிலேயே எண்ணலாம். ஆனால் பதினோரு வருட நோட்ஸ் வைத்திருப்பவர் விரலை எதற்கு மடக்க வேண்டும்?

“பிள்ளைகள் இடத்துல உக்காரட்டும்,” என்றார். “விமர்சனத்தை இப்பவே எடுத்துக்கிடுவோம்.”

வரிசையாக எழுந்தார்கள். சாக்குத்தூள் கோட்டில் பட்டது என்றான் ஒருவன். பேச்சில் கொச்சை என்றான் இன்னொருவன். அவன் அதைச் சொன்னதே கொச்சையில்தான். புளியங்கொட்டை ஒன்று கீழே விழுந்தது, அதை எடுக்கவில்லை என்று ஒருவன் துப்புக் கொடுத்தான். என் முறை வந்தது. என் நோட்டின் மூலையில் நான் அதற்குள் எட்டு பெருக்கல் ஐம்பத்து மூன்று போட்டுப் பார்த்திருந்தேன். அண்ணன் சொன்னது சரி என்று பென்சிலில் எழுதியிருந்தது. எழுந்தேன். “பலகையில் எழுத்து வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது சார்,” என்றேன். நல்ல செந்தமிழில் சொன்னேன். அப்போதே எனக்கு நடை பிடிபட்டிருந்தது.

கடைசியில் மாஸ்டர் எங்களைப் பார்த்துத் திரும்பினார். “சரி, பெரும்பான்மைக்கே விட்டுருவோம். ஐம்பத்து மூன்று முக்கோண எண் என்பவங்க கை தூக்குங்க.”

எண்ணுக்கு ஓட்டெடுப்பு! முன்வரிசை உடனே தூக்கியது. நடுவரிசை முன்வரிசையைப் பார்த்துத் தூக்கியது. நான் முழங்கையை மட்டும் உயர்த்தி, தலை சொறிவது மாதிரி வைத்திருந்தேன். ஆனால் அவர் எண்ணும்போது என்னையும் எண்ணினார், நான் மறுக்கவில்லை.

“இருபத்தொண்ணு,” என்றார் மாஸ்டர். “நீர் ஒருத்தர்தான் அறிவாளி. உம்ம மேல எனக்கு விரோதம் கிடையாது. பலகையில ‘ஐம்பத்து மூன்று முக்கோண எண்’னு எழுதித் திருத்திக்கிடும். தேர்ச்சி போட்டுக் கையெழுத்து வைக்கேன். எழுதலைன்னா உம்ம இஷ்டம்.”

எல்லாருக்கும் தெரியும், இஷ்டம் என்றால் என்ன என்று. எங்கள் விடுதி அறையில் அந்தப் பள்ளி நிர்வாகத்தின் கடிதத்தை எல்லாரும் படித்திருக்கிறோம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் நான் ஆசைப்பட்டேன், அவர் எழுதக் கூடாது என்று. சாக்குக்கட்டியை வீசிவிட்டு, தலை நிமிர்ந்து, படி இறங்கிப் போக வேண்டும் என்று. எனக்கு ஒரு பைசா செலவில்லாமல் ஒரு வீரனைப் பார்க்க ஆசை. அவருடைய ஏழு வருடத்தைப் போட்டு எனக்கு ஒரு காட்சி. கவிதை எழுதுகிறவனின் ஈனம் இதுதான்: அடுத்தவன் மூழ்கினாலும் அலை எப்படிப் புரண்டது என்று பார்ப்பான்.

அண்ணன் என்னை ஏமாற்றினார். பலகைக்குப் போனார். நிதானமாக, இந்த முறை எழுத்து சாயாமல், ‘53 முக்கோண எண்’ என்று எழுதினார். மாஸ்டர் புன்னகையோடு பதிவேட்டைத் திறந்து தேர்ச்சி என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மையொற்றியை உருட்டினார்.

“சார்,” என்றார் அண்ணன், “மீள்பார்வை பாக்கி இருக்கு.”

பாடத்தின் கடைசிப் படி அது. நடத்தியதிலிருந்து நாலைந்து கேள்வி கேட்டு, பிறகுதான் பிள்ளைகளை அனுப்ப வேண்டும். அந்தப் படியைத் தாண்டினால் மாஸ்டருக்கு மகா கோபம் வரும். அவருடைய நோட்ஸின் முதல் பக்கமே அதுதான். கையெழுத்துப் போட்ட களிப்பில் பெருந்தன்மையாகக் கையசைத்தார். “நடத்தும், நடத்தும்.”

அண்ணன் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

“ஒண்ணுல இருந்து ஒம்பது வரை கூட்டினா?”

“நாப்பத்தஞ்சு சார்.”

“அது முக்கோணம். அதுக்கு அடுத்த முக்கோணம் எது?”

பிள்ளைகள் தயங்கினார்கள். கண்கள் பலகைக்குப் போயின. அங்கேதான் எழுதியிருக்கிறதே, பெரியவர்கள் கூடி முடிவுசெய்தது. “அம்பத்து மூணு சார்,” என்றார்கள், சுருதி இறங்கி.

“சரி. அடுத்தடுத்து வார ரெண்டு முக்கோணத்தைச் சேத்தா என்ன வரணும்?”

“சதுரம்!”

“நாப்பத்தஞ்சையும் அம்பத்து மூணையும் சேருங்க.”

உதடுகள் அசைந்தன. “தொண்ணூத்தெட்டு.”

“தொண்ணூத்தெட்டு சதுரமா?”

ஒரு நொடி. பிறகு முப்பது தொண்டையிலிருந்தும் ஒரே கூச்சல்: “இல்ல சார்!”

“எத்தனை குறையுது?”

“ரெண்டு! நூறு வேணும் சார்! அம்பத்தஞ்சு சார்! பலகையில தப்பு!”

யாரும் யாரையும் பார்த்துக் கை தூக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் தலைக்குள்ளேயே கூட்டி, தன் தலைக்குள்ளேயே கோபப்பட்டது. அவ்வளவு அழகான கோபத்தை நான் அதற்குப் பிறகு எந்தச் சபையிலும் கேட்கவில்லை.

மாஸ்டர் பதிவேட்டைப் பார்த்தார். மை காய்ந்திருந்தது. அடித்துத் திருத்தினால் ஏன் என்று மேலிடத்துக்கு எழுத வேண்டும். எழுதினால் ஐம்பத்து மூன்றை எழுத வேண்டும். “பிள்ளைகளை அனுப்பும்,” என்றார். குரலில் கஞ்சி இல்லை. கோட்டில் மட்டும் இருந்தது.

அன்று சாயங்காலம் கடற்கரையில் அண்ணனிடம் போய் உளறினேன். ரொம்பப் பெரிய காரியம் செய்தீர்கள் என்றேன். எழுதியபோது நான் துடித்துப் போய்விட்டேன் என்றேன். அவர் பீடியைக் காற்றுக்கு மறைத்துப் பற்றவைத்தார்.

“ஏலே, நீ கை தூக்குனியா இல்லியா?”

“அரைவாசி தூக்கினேன் அண்ணே.”

“அரைக் கைக்கு அவன் கணக்குல எடம் உண்டாக்கும்? முழுசாத்தானே எண்ணினான்?” சிரித்தார். “போலே. துடிச்சானாம். துடிச்சவன் வாயைத் தொறந்து ரெண்டு குறையுதுன்னு சொல்ல வேண்டியதுதானே. அதுக்கு என்ன, எழுத்து சாஞ்சிருக்குன்னு மட்டும் நல்லாத் தெரிஞ்சுது உனக்கு.”

அவர் சான்றிதழ் வாங்கி மணப்பாட்டுக்குப் போனார். எனக்கும் கிடைத்தது. அதற்கு முன்னால் வருடக் கடைசியில் மாஸ்டர் வைத்த எழுத்துத் தேர்வில் ஒரு கேள்வி வந்தது: 88 முக்கோண எண்ணா? காரணத்துடன் விடை தருக.

எட்டால் பெருக்கினேன். எழுநூற்று நான்கு. ஒன்று கூட்டினேன். இருபத்தாறின் வர்க்கம் அறுநூற்று எழுபத்தாறு. இருபத்தேழின் வர்க்கம் எழுநூற்று இருபத்தொன்பது. நடுவில் தொங்குகிறது. இதையெல்லாம் விடைத்தாளின் பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலில் போட்டுப் பார்த்து, சுத்தமாக அழித்தேன். முன்பக்கத்தில் பேனாவால் எழுதினேன்: ‘ஆம். எட்டில் முடிவதால்.’

அண்ணன் ‘இல்லை’ என்று எழுதி அந்தக் கேள்விக்குச் சுழி வாங்கினார். எனக்கு முழு மதிப்பெண்.